மருந்து கொடுத்ததும் குழந்தை வாந்தி எடுத்துவிட்டதா? முதலில் கடிகாரத்தைப் பாருங்கள்!

காலை எட்டு மணி. திருப்பூர் ரயில் நிலையத்தை ஒட்டிய காதர்பேட்டையில் பனியன் கடைகளின் ஷட்டர்கள் ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டிருக்கும் நேரம். சற்றுத் தள்ளி ஒரு லைன் வீட்டில், எட்டரை மணி ஷிப்ட்டுக்குக் கிளம்ப வேண்டிய அம்மா, இரண்டரை வயது மகனை மடியில் பிடித்து வைத்துக் காய்ச்சல் சிரப்பைக் கொடுக்கிறார். குழந்தை விழுங்குகிறது. தலை சீவி, டிபன் பாக்ஸை எடுத்து வைப்பதற்குள் மொத்தமாக வாந்தி. பாயெல்லாம் இளஞ்சிவப்பு நிறத்தில் மருந்து.

"ஏம்மா, எல்லாம் வெளிய வந்துருச்சே. மறுபடியும் ஊத்தட்டுமா?" என்கிறார் பாட்டி. அம்மாவுக்குப் பதில் தெரியவில்லை. ஊற்றினால் மருந்து அதிகமாகிவிடுமோ என்று பயம். ஊற்றாவிட்டால் காய்ச்சல் ஏறிவிடுமோ என்று இன்னொரு பயம்.

இது ஏதோ ஒரு வீட்டுக் கதை இல்லை. சின்னக் குழந்தை இருக்கிற எல்லா வீட்டிலும் என்றாவது ஒருநாள் நடக்கிற காட்சிதான். 'ஒன்றரை ஷிப்ட்' என்று காலை எட்டரைக்குப் போய் இரவு எட்டரைக்கு வரும் வேலை நேரம் பழகிப்போன திருப்பூரில், இதோடு இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. காலை மருந்தைக் கொடுப்பது அம்மா, மதிய மருந்தைக் கொடுப்பது பாட்டியோ பக்கத்து வீட்டு அக்காவோ, இரவு மருந்தைக் கொடுப்பது அப்பா. யார் கொடுத்தார்கள், யார் கொடுக்கவில்லை என்பதே பல நேரம் தெரியாமல் போய்விடுகிறது.

இந்த இரண்டு சிக்கலுக்கும் விடை சொல்லத் தேவைப்படுவது ஒரு கடிகாரமும் ஒரு பேனாவும்தான்.

அந்த 30 நிமிடக் கணக்கு

வாயால் கொடுக்கும் மருந்து இரைப்பையில் இருக்கும் வரை பெரிதாக உடம்பில் சேர்வதில்லை. இரைப்பையைத் தாண்டிச் சிறுகுடலுக்குப் போன பிறகுதான் பெரும்பகுதி ரத்தத்தில் கலக்கிறது. வாந்தியில் வெளியே வருவது பெரும்பாலும் இரைப்பையில் இருப்பது. அதனால் மருந்து கொடுத்து எவ்வளவு நேரம் கழித்து வாந்தி வந்தது என்பதை வைத்தே, அது உள்ளே போயிருக்குமா, வெளியே வந்திருக்குமா என்று கணிக்க முடியும்.

காய்ச்சல் மருந்தான பாராசிட்டமால், ஆன்டிபயாடிக் போன்ற வழக்கமான மருந்துகளுக்கு, பிரிட்டனில் குழந்தைநல மருத்துவர்களும் மருந்தாளுநர்களும் சேர்ந்து பெற்றோருக்காகத் தயாரித்த கையேடுகள் சொல்லும் எல்லை 30 நிமிடம். அதற்குள் வாந்தி எடுத்துவிட்டால் அதே அளவை மறுபடி ஒருமுறை கொடுக்கலாம். 30 நிமிடம் தாண்டிவிட்டால் மறுபடி கொடுக்க வேண்டாம். அடுத்த வேளை வரும்போது கொடுத்தால் போதும்.

எல்லா மருந்துக்கும் எல்லை ஒன்றே அல்ல. மலேரியாவுக்கான மாத்திரைகளுக்கு உலக சுகாதார நிறுவனம் ஒரு மணி நேரத்தை எல்லையாக வைத்திருக்கிறது. அதனால் மருந்து எழுதித் தரும்போதே, 'வாந்தி எடுத்துட்டா என்ன டாக்டர் பண்றது?' என்று ஒரு வரி கேட்டு வைத்துக்கொள்வதுதான் நல்லது.

நேரத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது வாந்தியை. கொடுத்த சிரப்பின் நிறமும் வாசனையும் அதில் தெளிவாகத் தெரிந்தால் மருந்து வெளியே வந்துவிட்டது என்று அர்த்தம். வெறும் பாலோ சாதமோ மட்டும் வந்து, மருந்தின் நிறமே இல்லை என்றால், கொஞ்சமாவது உள்ளே தங்கியிருக்க வாய்ப்பு உண்டு. குழந்தை வாயிலிருந்து பாதியைத் துப்பி, பாதியை விழுங்கியிருந்தால் எவ்வளவு உள்ளே போனது என்று யாராலும் அளக்க முடியாது. அப்போது குத்துமதிப்பாக இன்னும் கொஞ்சம் ஊற்றாமல், டாக்டரிடமோ மருந்துக் கடையில் இருக்கும் மருந்தாளுநரிடமோ கேட்பதுதான் சரி.

காலை 8 மணிக்குக் கொடுத்தது என்ன ஆனது?

மேலே சொன்ன குழந்தையையே எடுத்துக்கொள்வோம். எடை 12 கிலோ. பாராசிட்டமால் ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்பது வழக்கமான அளவு. 12-ஐ 15-ஆல் பெருக்கினால் 180 மில்லிகிராம். வீட்டில் இருப்பது 5 மி.லி.யில் 250 மில்லிகிராம் உள்ள சிரப் என்பதால், டாக்டர் 3.5 மி.லி. என்று எழுதியிருக்கிறார். அதில் இருப்பது 175 மில்லிகிராம்.

8 மணிக்குக் கொடுத்தார்கள். 8.10-க்கு வாந்தி, மருந்தின் நிறத்தோடு. இங்கே மறுபடி கொடுக்கலாம். ஆனால் வாந்தி எடுத்த அந்த நிமிடமே கொடுத்தால் அதுவும் வெளியே வந்துவிடும். வாயைக் கொப்பளிக்க வைத்து, 10, 15 நிமிடம் குழந்தையை அமைதியாக விட்டுவிட்டு, 8.25 வாக்கில் அதே 3.5 மி.லி.யைக் கொடுக்க வேண்டும். பாதி அளவும் வேண்டாம், கூடுதலாகவும் வேண்டாம். அடுத்த வேளைக்கான நேரத்தை 8 மணியிலிருந்து எண்ணக் கூடாது, 8.25-லிருந்து எண்ண வேண்டும். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை என்று எழுதியிருந்தால், அடுத்தது மதியம் 2.25-க்குப் பிறகுதான்.

அதே வாந்தி 8.45-க்கு வந்திருந்தால்? 45 நிமிடம் ஆகிவிட்டது. திரவ மருந்து என்பதால் கணிசமான பகுதி உள்ளே போயிருக்கும். மறுபடி கொடுக்கக் கூடாது. உடம்பு இன்னும் சுடுகிறதே என்று தோன்றும். பாராசிட்டமால் வேலையைக் காட்டவே அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் பிடிக்கும். மெல்லிய உடை போட்டு, தண்ணீரோ தாய்ப்பாலோ கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து, 2 மணி வரை காத்திருப்பதுதான் வழி.

மறுபடி கொடுத்ததும் வாந்தியாகிவிட்டால்? மூன்றாவது முறை கொடுக்கக் கூடாது. ஒரு வேளைக்கு ஒரே ஒரு மறுமுறைதான். அதற்கு மேல் வாய்வழி மருந்து அந்தக் குழந்தைக்கு ஒத்துவரவில்லை என்று பொருள். டாக்டரிடம் போக வேண்டும். ஆசனவாயில் வைக்கும் மருந்தோ ஊசியோ தேவையா என்று முடிவு செய்ய வேண்டியவர் அவர்தான்.

"காய்ச்சல் மருந்துதானே" என்று நினைத்தால்...

பாராசிட்டமால் சரியான அளவில் பாதுகாப்பான மருந்து. அளவு தாண்டி ஓரிரு நாட்கள் தொடர்ந்தால் கல்லீரலைப் பாதிக்கக்கூடிய மருந்தும் அதுதான். 24 மணி நேரத்தில் நான்கு வேளைக்கு மேல் கொடுக்கக் கூடாது. நம் 12 கிலோ குழந்தைக்கு அது சுமார் 700 மில்லிகிராம். வாந்தியில் போனதையும் ஒரு வேளையாகவே எழுதிக் கணக்கு வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

இந்தக் கணக்கு தவறுவது இரண்டு இடங்களில். முதலாவது, ஆள் மாறும்போது. அம்மா 8.25-க்குக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போகிறார். 'வாந்தி எடுத்துட்டானே, மருந்து உள்ள போகலயே' என்று பாட்டி 10 மணிக்கு ஒன்று கொடுக்கிறார். மதியம் பக்கத்து வீட்டு அக்கா வழக்கம்போல ஒன்று கொடுக்கிறார். ஆறு மணி நேரத்தில் மூன்று வேளை முடிந்துவிட்டது. யாரும் தப்புச் செய்யவில்லை. ஒருவர் கொடுத்தது இன்னொருவருக்குத் தெரியவில்லை.

இரண்டாவது, பாட்டில் மாறும்போது. ஒரே மருந்து 5 மி.லி.யில் 120 அல்லது 125 மில்லிகிராம் என்றும் வருகிறது, 250 மில்லிகிராம் என்றும் வருகிறது. கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்தில் 1 மி.லி.யிலேயே 100 மில்லிகிராம் இருக்கும். சிரப்புக்குச் சொன்ன 3.5 மி.லி.யை வீட்டில் மிச்சமிருந்த சொட்டு மருந்து பாட்டிலிலிருந்து எடுத்துக் கொடுத்தால், உள்ளே போவது 350 மில்லிகிராம். சரியாக இரண்டு மடங்கு! 'எத்தனை மி.லி.' என்று மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதாது. எந்த பாட்டிலில் எத்தனை மி.லி. என்பதுதான் அளவு. கூடவே, சளி மருந்து சிலவற்றிலும் பாராசிட்டமால் கலந்திருக்கும். லேபிளைப் பார்க்காமல் இரண்டையும் சேர்த்துக் கொடுத்தாலும் கணக்கு தப்பிவிடும்.

அளவு கூடிவிட்டது என்று தெரிந்தால், குழந்தை சிரித்து விளையாடுகிறதே என்று விட்டுவிடக் கூடாது. பாராசிட்டமால் அதிகமானால் முதல் நாளில் பெரிதாக அறிகுறி எதுவும் தெரியாமல் இருக்கலாம். சீக்கிரம் போனால் கல்லீரலைக் காக்க மாற்று மருந்து உண்டு. தாமதமாகப் போனால் அதன் பலன் குறைந்துகொண்டே போகும். பாட்டிலைக் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். நாமாக வாந்தி எடுக்க வைக்கவும் முயலக் கூடாது.

ஒரு வேளை தவறிப்போனால்?

இப்போது பாட்டில் மாறுகிறது. அதே குழந்தைக்கு ஆன்டிபயாடிக் சிரப் எழுதியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். காலை 8, இரவு 8, ஐந்து நாட்களுக்கு. காலை அவசரத்தில் அம்மா கொடுக்க மறந்துவிட்டார்.

இங்கே பொதுவாகப் பின்பற்றப்படும் கணக்கு 'பாதி இடைவெளி'. இரண்டு வேளைகளுக்கு நடுவே 12 மணி நேரம். அதில் பாதி 6 மணி நேரம். மறந்தது மதியம் 12 மணிக்கு நினைவுக்கு வந்தால், பாதி தாண்டவில்லை. பாட்டியிடம் போனில் சொல்லி உடனே கொடுக்கச் சொல்லலாம். இரவு வேளையை வழக்கம்போல 8 மணிக்கே கொடுக்கலாம். ஆனால் மாலை 5 மணிக்குத்தான் நினைவு வந்தது என்றால், அடுத்த வேளைக்கு இன்னும் மூன்று மணி நேரம்தான். தவறியதை விட்டுவிட்டு, 8 மணிக்கு ஒரு வேளை மட்டும் கொடுக்க வேண்டும். தினம் மூன்று வேளை மருந்து என்றால் இடைவெளி 8 மணி நேரம்; பாதி 4 மணி நேரம். இந்தக் கணக்கில் சில மருந்துகளுக்கு எல்லை இன்னும் இறுக்கமாக இருக்கலாம் என்பதால், சந்தேகம் வந்தால் கேட்டுக்கொள்வது நல்லது.

எந்தக் கணக்கிலும் மாறாதது ஒன்று உண்டு. தவறிய வேளையையும் அடுத்த வேளையையும் சேர்த்து இரட்டை அளவாகக் கொடுக்கவே கூடாது. இரட்டை அளவு கொடுத்தால் விட்டுப்போனது சரியாகிவிடாது. வயிற்றுப்போக்கும் வாந்தியும்தான் கூடும். அந்த மருந்தும் வெளியே போய்விடும்.

ஒரு வேளை தவறியதாலேயே ஆன்டிபயாடிக் வீணாகிவிடுவதில்லை. தொடர்ந்து இரண்டு, மூன்று வேளை விட்டுப்போனால் டாக்டரிடம் சொல்ல வேண்டும். 'இனிமேல் எதுக்கு' என்று நிறுத்திவிடவும் கூடாது. மதிய வேளைக்கு வீட்டில் ஆளே இல்லை என்றால், அதை மருந்து எழுதும்போதே டாக்டரிடம் சொல்லிவிடலாம். பல நோய்களுக்கு இரண்டு வேளையில் முடியும் மருந்தை அவரால் தேர்ந்தெடுக்க முடியும்.

பாராசிட்டமாலுக்கு இந்தத் தவறிய வேளைக் கணக்கே இல்லை. அது காய்ச்சலோ வலியோ இருந்தால் மட்டும் கொடுப்பது. மறந்துபோய், குழந்தையும் நன்றாக இருந்தால், அந்த வேளை தேவைப்படவில்லை என்றுதான் அர்த்தம்.

வலிப்பு, இதயம், சர்க்கரை போன்றவற்றுக்காகத் தினமும் மருந்து சாப்பிடும் குழந்தைகளுக்கு மேலே சொன்ன எந்தக் கணக்கையும் வீட்டிலேயே பயன்படுத்தக் கூடாது. வலிப்பு மருந்தில் ஒரு வேளை குறைந்தாலும் வலிப்பு வரலாம். சில இதய மருந்துகளில் ஒரு வேளை கூடினாலே ஆபத்து. வாந்தியானால் என்ன, தவறினால் என்ன என்று அந்த டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு, எழுதி வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். காசநோய் மருந்து சாப்பிடும் குழந்தைக்கும் இதேதான்.

மறுபடி கொடுக்கக் கூடாத பாட்டில்

இருமல், சளி சிரப்பைக் கொடுத்ததும் குழந்தை வாந்தி எடுத்தால், மறுபடி ஊற்ற வேண்டிய அவசியமே இல்லை. அது ஒரு வேளை போகாவிட்டால் எந்த நஷ்டமும் இல்லை. இரண்டு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்துகளைக் கொடுக்கவே கூடாது என்றும், ஐந்து வயதுக்குக் கீழ் பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை என்றும் மத்திய சுகாதார சேவைகள் இயக்குநரகம் 2025 அக்டோபரில் அறிவுறுத்தியது.

அந்த அறிவுறுத்தலின் பின்னணி தமிழ்நாட்டுக்கும் நெருக்கமானது. மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாடா மாவட்டத்தில் சளி, இருமலுக்காக 'கோல்ட்ரிஃப்' சிரப் குடித்த குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். இறப்பு இருபதைத் தாண்டியது. அந்த சிரப் தயாரானது காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்த ஸ்ரீசன் பார்மா ஆலையில். தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை மாதிரியைப் பரிசோதித்தபோது, டைஎத்திலீன் கிளைகால் என்ற நச்சு 48.6 சதவீதம் இருந்தது தெரியவந்தது. அனுமதிக்கப்படும் எல்லை 0.1 சதவீதம். மாநில அரசு அந்த நிறுவனத்தின் உரிமத்தை ரத்து செய்தது.

இந்த நச்சின் ஆரம்ப அறிகுறிகள் சாதாரணமானவை போலவே இருக்கும்: வாந்தி, வயிற்று வலி. அடுத்து வருவதுதான் எச்சரிக்கை: சிறுநீர் குறைந்துகொண்டே போகும். எனவே ஏதாவது சிரப் கொடுக்க ஆரம்பித்த பிறகு குழந்தை திரும்பத் திரும்ப வாந்தி எடுத்து, சிறுநீரும் குறைந்தால், மருந்தை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பாட்டிலைத் தூக்கிப் போட்டுவிடாமல் கையில் கொண்டுபோக வேண்டும். மருந்தின் பெயரும் தொகுதி எண்ணும் அதில்தான் இருக்கின்றன.

வாந்தி வராமல் கொடுப்பது எப்படி?

பாதி வாந்தி மருந்தால் வருவதில்லை. கொடுக்கும் விதத்தால் வருகிறது. குழந்தையை மல்லாத்திப் படுக்கவைத்து, கையையும் காலையும் அமுக்கி, மூக்கைப் பிடித்து, பாலாடையில் தொண்டைக்குள் ஊற்றுவது நம் ஊரில் பழகிப்போன முறை. அதில் குழந்தைக்குக் குமட்டும். மருந்து மூச்சுக்குழாய்க்குள் போய்ப் புரையேறவும் செய்யலாம்.

குழந்தையை மடியில் நிமிர்த்தி உட்கார வையுங்கள். ஊசி இல்லாத சிரிஞ்சிலோ பாட்டிலோடு வந்த அளவு மூடியிலோ மருந்தை எடுங்கள். வீட்டு ஸ்பூன் ஒன்றுபோல் ஒன்று இருக்காது என்பதால் அளப்பதற்கு உதவாது. சிரிஞ்சின் நுனியைக் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் வைத்து, அரை மி.லி., ஒரு மி.லி. எனக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். விழுங்கிய பிறகு அடுத்தது. அழுதுகொண்டிருக்கும்போது விடாதீர்கள். முழு டம்ளர் பாலில் கலந்தால், பாதியில் குழந்தை வேண்டாம் என்றால் எவ்வளவு உள்ளே போனது என்று தெரியாது.

கொடுப்பதற்கு முன் பாட்டிலை நன்றாகக் குலுக்க வேண்டும். குலுக்காவிட்டால் சில மருந்துகள் அடியில் தங்கிவிடும். முதல் சில நாட்கள் மருந்து குறைவாகவும், கடைசி நாட்களில் அதிகமாகவும் போகும்.

வாந்தி மருந்தாலா, நோயாலா?

மருந்து கொடுக்கும்போது மட்டும் வாந்தி. மற்றபடி தண்ணீர், பால், சாதம் எல்லாம் தங்குகிறது என்றால், மருந்தின் கசப்போ அது வயிற்றை உறுத்துவதோ காரணமாக இருக்கலாம். டாக்டரிடம் சொன்னால் வேறு வடிவத்தில் மாற்றித் தரலாம், சாப்பாட்டோடு கொடுக்கச் சொல்லலாம். எது குடித்தாலும் வாந்தி என்றால் நோய்தான் காரணம். அப்போது மருந்தைவிட முக்கியம் உடம்பின் நீர்.

ஓ.ஆர்.எஸ். பொடியை, பாக்கெட்டில் எழுதியிருக்கிற அளவு தண்ணீரில் கரைத்து, ஒரு நிமிடத்துக்கோ இரண்டு நிமிடத்துக்கோ ஒரு ஸ்பூன் கொடுக்கலாம். பெரிய பாக்கெட் ஒரு லிட்டருக்கு, சின்ன பாக்கெட் 200 மி.லி.க்கு. இரண்டையும் மாற்றிக் கரைத்துவிடக் கூடாது. அதையும் வாந்தி எடுத்தால் 10 நிமிடம் நிறுத்தி, பிறகு இன்னும் மெதுவாகக் கொடுக்க வேண்டும்.

கொடுப்பது எல்லாமே வெளியே வருகிறது, தண்ணீரோ பாலோ குடிக்க முடியவில்லை, வலிப்பு வந்தது, துவண்டு கிடக்கிறது, எழுப்பினாலும் கண் திறக்கவில்லை: இதில் ஏதாவது ஒன்று இருந்தால் தாமதிக்காமல் திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அருகில் உள்ள மருத்துவமனைக்கோ போக வேண்டும். வாந்தி பச்சை நிறத்திலோ ரத்தத்தோடோ வந்தாலும், ஆறேழு மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டாலும் அப்படித்தான். மூன்று மாதத்துக்குக் குறைந்த கைக்குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் வீட்டில் மருந்து கொடுத்துப் பார்க்கவே வேண்டாம். ஆம்புலன்ஸுக்கு 108, மருத்துவ ஆலோசனைக்கு 104.

காலண்டரில் ஒரு வரி

இனி அந்த லைன் வீட்டுக்கே திரும்புவோம். அம்மா கிளம்புவதற்கு முன் சுவரில் தொங்கும் தினக்காலண்டர் தாளில் ஒரு வரி எழுதுகிறார்: 'காய்ச்சல் மருந்து, 250 பாட்டில், 3.5 மி.லி. காலை 8 வாந்தி. 8.25 மறுபடி கொடுத்தாச்சு. அடுத்தது 2.25-க்கு மேல், சுட்டால் மட்டும்.' பாட்டியிடம் அதைப் படித்துக் காட்டுகிறார். மதியம் கொடுப்பவர் அதன் கீழே நேரத்தை எழுதுவார். ஷிப்ட் முடிந்து வருகிறவர் அதைப் பார்த்துவிட்டுத்தான் பாட்டிலைத் தொடுவார். எழுதப் படிக்கத் தெரியாதவர் கொடுப்பதாக இருந்தால், ஒரு வேளைக்கு ஒரு கோடு போட்டாலே போதும்.

பிற்பகல் மூன்று மணிக்குக் குழந்தைக்கு மறுபடி சுட்டால், எப்போது கொடுத்தோம் என்று யாரும் யோசிக்க வேண்டியதில்லை. சுவரில் எழுதியிருக்கிறது.